நூறு கிராமுக்கு எழுபத்தொண்ணு

அடுத்தவங்க பொருளை விக்க எழுதிக் கொடுக்கறதுதான் என் பொழப்பு. இணையக் கடையில ஒரு குக்கரையோ கொசுவலையையோ தொட்டா கீழே நாலு வரி வருமே, அந்த நாலு வரி. யாரும் ஒழுங்கா படிக்கறதில்லை. ஆனா அதுல ஒரு வார்த்தை தப்பா விழுந்தா, வாங்க வந்தவன் சத்தமில்லாம எழுந்து போயிடுவான். ஏன் போனான்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது.

இத்தனை கடைக்கு எழுதினவளுக்கு சொந்தத் தங்கச்சி கடைக்கு எழுத வரலை. கேட்டா சிரிப்பீங்க. நானும் வேற யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்பேன்.

தங்கச்சியை வீட்டுல குட்டின்னு கூப்பிடுவோம். கடைக்கும் அதே பேருதான், குட்டி சோப்பு. வறண்ட தோலுக்கும் வெடிச்ச கைக்கும் எண்ணெயைக் காய்ச்சாம செய்யற சோப்பு. வீட்டுப் பின்னாடி ஒரு ஷெட், ரெண்டு மேஜை, சுவர் முழுக்க தட்டு தட்டா ரேக். எண்ணெயும் காரத்தண்ணியும் கலந்து நீளப் பெட்டியில ஊத்துவா. மறுநாள் அது ரொட்டி மாதிரி முழுப் பாளமா வெளியே வரும். அதைக் கத்தியால துண்டு போட்டு ரேக்குல அடுக்கி வாரக்கணக்கா காய வைப்பா. மாப்பிள்ளை, அதான் அவ புருஷன், பார்சல் கட்டறது, கணக்கு, கூரியர்காரனோட சண்டை எல்லாம் பார்ப்பாரு. கடையோட இணையப் பக்கத்துல போடற வரிகள் என்னோடது. "என் தங்கச்சி தன் கையால வெட்டுற சோப்பு"ன்னு முதல் வரி. படத்துல அவ கை இருக்கும், உள்ளங்கையில ஒரு கட்டி. முகத்தைக் காட்டுடின்னா மாட்டேன்னுட்டா. "கை போதும் அக்கா, மூஞ்சிக்கு யாரு சோப்பு வாங்குவா"ன்னா. மூஞ்சிக்குத்தான்டி எல்லாரும் வாங்கறாங்கன்னு திட்டினேன். ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சோம்.

தலைவலின்னு மத்தியானம் படுத்தா. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. இதுக்கு மேல அதைப் பத்தி என்னால எழுத முடியாது, விடுங்க.

அவ அடுக்கி வச்சிருந்த சோப்பு ரேக்குல காய்ஞ்சுக்கிட்டே இருந்தது. வேற வழியில்லாம அதை வித்தோம். அது தீர்ந்ததும் மாப்பிள்ளை ஒரு ஆளை வேலைக்கு வச்சாரு. கேக் கடையில பல வருஷம் கேக் வெட்டினவங்க. எதைத் தொட்டாலும் ஸ்கேலை எடுத்துடுவாங்க, அதனால நான் வச்ச பேரு அளவுக்காரம்மா. தங்கமான மனுஷி. முதல் பாளத்தை வெட்டினப்பவே மாப்பிள்ளை அசந்து போயிட்டாரு.

"அக்கா, குட்டி ஒரு பாளத்துல பதினெட்டு கட்டி எடுப்பா. இவங்க இருபது எடுக்கறாங்க!"

"கேக் வெட்டின கை, சும்மாவா"ன்னேன் நானும். ரெண்டு பேருமே அதைக் கைத்திறமைன்னு நினைச்சோம். தெண்டம், தெண்டம்!

ஆளு வச்சா கூலி உண்டு. கூலி குடுத்தா பழைய விலை கட்டாது. மூணு கட்டி ஒரு பெட்டி, அப்போ இருநூத்தி நாப்பது. மாப்பிள்ளை கணக்குப் போட்டுப் பார்த்து இருநூத்தி எண்பத்தஞ்சு ஆக்கணும்னாரு. அந்த நாப்பத்தஞ்சுல எண்ணெயும் அட்டையும் ஏறினது பன்னெண்டு. மீதி முப்பத்து மூணும் கூலி.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கிட்டு இன்னொண்ணும் சொன்னாரு. "அக்கா, அந்த சோப்பு மில்லுக்காரர் மறுபடி கூப்பிட்டாரு. பேரையும் செய்முறையையும் விலைக்குக் கேட்கறாரு. இப்போ கடைக்குள்ள நூறு பேர் வந்தா மூணு பேர் வாங்கறாங்க. விலை ஏத்தினப்புறமும் அந்த மூணு நின்னா கடையை நான் விடமாட்டேன். ரெண்டாயிடுச்சுன்னா கூலிக்கும் வாடகைக்கும் கடன்தான் வாங்கணும். மாசக் கடைசி வரைக்கும் பார்ப்போம்."

மில்லுக்காரர் என்ன பண்ணுவாருன்னு எனக்குத் தெரியும். மூட்டை மூட்டையா வர்ற சோப்புச் சீவலை மெஷின்ல போட்டு அழுத்தி, வாசனையைத் தெளிச்சு, மேல என் தங்கச்சி பேரை அச்சடிப்பாரு. குட்டின்னு எழுதின கண்ட சோப்பு கண்ட கழிவறையில எல்லாம் கிடக்கும். செத்தவளுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பேரு ஒண்ணுதான். அதையும் குடுத்துட்டு நான் எதை வச்சுக்கறது?

"மூணு நிக்கும். நான் நிக்க வைக்கறேன்"ன்னேன். திமிரு எனக்கு.

விலை ஏத்தும்போது எப்படி எழுதணும்னு ஊருக்கே சொல்லிக் குடுத்தவ நான். மன்னிப்பு கேட்டுக் கெஞ்சக் கூடாது, கெஞ்சினா என்னமோ தப்பு நடந்திருக்குன்னு வாங்க வந்தவனுக்குத் தோணும். விலை ஏறின சேதியைப் பக்கத்தோட நெத்தியில ஒட்டக் கூடாது, புதுசா வர்றவனுக்குப் பழைய விலையே தெரியாது, அவனை எதுக்கு நாமளே பயமுறுத்தணும்? முதல்ல பொருள் எதுக்கு ஆகும்னு சொல்லணும். அப்புறம் எடை, விலை, நூறு கிராமுக்கு என்ன விழுதுன்னு. ஏன் ஏறிச்சுங்கறது அதுக்கும் கீழே, ரெண்டே வரியில. காரணம் ஒண்ணு போதும். ஆனா அது உண்மையா இருக்கணும்.

நூறு கிராம் விலையைக் காட்டறதுல எங்களுக்கு லாபம் இருந்தது. எங்களை மாதிரி விக்கற இன்னொரு கடையில மூணு கட்டி இருநூத்தி நாப்பத்தஞ்சு. பார்த்தா அதுதான் மலிவு. ஆனா அவங்க கட்டி எழுபது கிராம்தான். நூறு கிராமுக்குப் பார்த்தா அவங்களுது நூத்திப் பதினாறு, எங்களுது விலை ஏறியும் தொண்ணூத்தஞ்சு. விலைக்கு அடியில சின்ன எழுத்துல அந்தத் தொண்ணூத்தஞ்சு இருந்தா போதும், நாம ஒரு வார்த்தை பேச வேண்டாம்.

அதுலதான் கோட்டை விட்டேன். கடை மென்பொருள்ல மொத்த எடை எவ்வளவு, எந்த அளவுக்கு விலை காட்டணும்னு ரெண்டு கட்டம் இருக்கும். எடையை முந்நூறு கிராம்னு சரியாப் போட்டேன். ரெண்டாவது கட்டத்துல கைப்பழக்கத்துல ஒரு கிலோன்னு போட்டுட்டேன். அரிசி பருப்புக் கடைகளுக்கே எழுதி எழுதி வந்த வினை. இருநூத்தி எண்பத்தஞ்சுக்குக் கீழே 'கிலோ தொண்ணூத்தி அம்பது'ன்னு போய் உக்காந்துடுச்சு. கணக்கு சரிதான். ஆனா சோப்பை யாருய்யா கிலோவுல நினைக்கறான்? பார்த்தவனுக்குத் தூக்கி வாரிப் போட்டிருக்கும்.

நூறுக்கு ஒண்ணுன்னு விழுந்துடுச்சு. சாப்பிடறப்போ மாப்பிள்ளை தட்டைப் பார்த்துக்கிட்டு, "மில்லுக்காரர் இன்னைக்கும் கூப்பிட்டாரு"ன்னாரு, அவ்வளவுதான். நான் கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு பக்கத்தை ஒவ்வொரு எழுத்தா பார்த்து, அந்தக் கட்டத்தைக் கண்டுபிடிச்சு, நூறு கிராமுக்கு மாத்தினேன். ரெண்டரைக்கு ஏறிச்சு. அப்புறம் மூணைத் தொட்டுது. மாப்பிள்ளை அன்னைக்குத்தான் ரெண்டாந்தரம் சோறு போட்டுக்கிட்டாரு.

"படத்தையும் மாத்திடலாமா அக்கா? அவ கை..."ன்னு இழுத்தாரு.

"கூடாது. ஒரே நேரத்துல நாலை மாத்தினா எது வேலை செஞ்சுது, எது கெடுத்துதுன்னு தெரியாது"ன்னு அதட்டினேன். அது தொழில்ல உள்ள விதிதான், பொய் இல்லை. ஆனா நான் அதுக்காகச் சொல்லலை. படத்தை எடுக்க எனக்கு மனசு வரலை. முதல் வரியையும் எடுக்கலை. என் தங்கச்சி அந்தப் பக்கத்துல இன்னும் சோப்பு வெட்டிக்கிட்டு இருந்தா.

விலை ஏறின காரணத்தை எப்படி எழுதியிருந்தேன்னு சொல்லணும். "எண்ணெய் விலை உயர்ந்ததால் விலை மாறியுள்ளது. அளவும் தரமும் அதேதான்." கூலியைப் பத்தி மூச்சு விடலை. கூலின்னு எழுதினா யாருக்குக் கூலி, முன்னாடி யாரு வெட்டினது, அவங்க எங்கேன்னு கேள்வி வருமே. அதை எழுத உக்காந்தா எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. எண்ணெய்ன்னு எழுதிட்டு எழுந்து போயிட்டேன்.

மூணு அப்படியே நின்னுக்கிட்டு இருந்தப்போதான் மருந்துக்கடைக்காரம்மாவோட விமர்சனம் வந்து விழுந்தது. எங்க பழைய வாடிக்கை. நாள் முழுக்க கை கழுவிக் கழுவி வெடிச்சுப் போன கை அவங்களுக்கு, மாசம் தவறாம ஒரு பெட்டி வாங்குவாங்க. எப்பவும் அஞ்சு நட்சத்திரம். இந்தத் தடவை ஒண்ணு.

"எண்ணெய் விலை இறங்கி ரெண்டு மாசம் ஆச்சு, நானும் கடைக்குப் போறவதான். அளவு அதேன்னு எழுதியிருக்கீங்க. என்கிட்ட பிரிக்காத பழைய கட்டி ஒண்ணும் புதுக் கட்டி ஒண்ணும் இருக்கு. எங்க கடைத் தராசுல வச்சுப் பார்த்தேன். காகிதத்தைக் கழிச்சா பழசு நூத்திப் பன்னெண்டு, புதுசு நூறு. விலை ஏத்தினா ஏத்திட்டுப் போங்க, ஏன் பொய் சொல்றீங்க? உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, அவ கை சுருங்கிடுச்சுன்னு."

கடைசி வரியைப் படிச்சதும் கோபம் பொத்துக்கிட்டு வந்துது. என்ன தெரியும் இந்தப் பொம்பளைக்குன்னு கத்தினேன். நூத்திப் பன்னெண்டாம்! லேபிள்ல நூறுன்னு அச்சடிச்சிருக்கு, கண்ணு தெரியலையா?

மாப்பிள்ளை ஓடி வந்து படிச்சாரு. "அக்கா, இதை மறைச்சுடலாம். ஒரு பட்டனை அழுத்தினா போயிடும். இதைப் பார்த்தா ஒருத்தரும் வாங்க மாட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள்தானே, மாசம் முடியட்டும்."

"அளவுக்காரம்மாவைக் கூப்பிடுங்க"ன்னேன்.

அவங்க ஸ்கேலோடயே வந்தாங்க. தப்பு பண்ணிட்டோமோன்னு முகம் வெளிறிப் போச்சு. "இல்லைங்க, சோப்பு காயக் காய தண்ணி போய் எடை குறையுது. அதனால நூத்திப் பன்னெண்டுல வெட்டறேன், காய்ஞ்சு வரும்போது நூறு நிக்கும். தினமும் தராசுல வச்சுத்தான் பார்க்கறேன். ஒண்ணு கூட குறையாதுங்க."

நூத்திப் பன்னெண்டுல வெட்டினா காய்ஞ்சு நூறு. அப்போ காய்ஞ்சதே நூத்திப் பன்னெண்டுன்னா, குட்டி எவ்வளவுல வெட்டியிருக்கணும்? ஒரே பாளத்துல இவங்களுக்கு இருபது, அவளுக்குப் பதினெட்டு. மாப்பிள்ளையும் நானும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல உறைச்சுது. கைத்திறமையாம்! அவ ஒவ்வொரு கட்டியையும் கொஞ்சம் பெருசா வெட்டிக் குடுத்துக்கிட்டு இருந்திருக்கா. எங்க ரெண்டு பேர்கிட்டயும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. காய்ஞ்ச சோப்பை நாங்க எடை போட்டதும் இல்லை.

எனக்கு அப்பவும் நம்பிக்கை வரலை. மறுநாள் காலையில மருந்துக்கடைக்கே போனேன். கண்ணாடிக்குப் பின்னாடி மாத்திரை எண்ணிக்கிட்டு இருந்தாங்க. விரல் முட்டியெல்லாம் சிவந்து வெடிச்சிருந்தது.

"குட்டி சோப்புல இருந்து வரேன்"ன்னேன்.

"வாங்கம்மா. சண்டை போட வந்தீங்களா?"

"எடை போட வந்தேன்."

சிரிச்சாங்க. மேஜைக்குள்ள இருந்து கட்டியை எடுத்தாங்க. காகிதம் கூட பிரிக்கலை. மேல என் தங்கச்சி சுத்தற விதம், ஓரத்தை உள்ளே மடிச்சு நூலால ஒரு சுத்து. அளவுக்காரம்மா பசை தடவறாங்க. மருந்துக்கடைக்காரம்மா காகிதத்தைப் பிரிச்சு, சோப்பைத் தராசுல வச்சாங்க. நூத்திப் பன்னெண்டு. ஒரு மூலையில கட்டை விரலால அழுத்தின பள்ளம் இருந்தது. வெட்டினதும் கூர் ஓரத்தை அப்படித்தான் அழுத்தி விடுவா, கைக் குழந்தைக்குத் தேய்ச்சா கீறிடக் கூடாதுன்னு.

"பார்த்தீங்களா? நான் சும்மா சொல்லலை"ன்னாங்க. "உங்க தங்கச்சி எப்படி இருக்கா? முன்னாடியெல்லாம் பார்சலுக்குள்ள 'கை எப்படி இருக்கு'ன்னு ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். இப்போ அதையும் காணோம். பெரிய ஆளாயிட்டாளா?"

வாயைத் திறந்தேன். மருந்து வாங்க வந்தவங்க ரெண்டு பேர் பின்னாடி நிக்கறாங்க, அவங்க முன்னாடி நான் ஓன்னு அழுதேன். வெட்கம் மானம் எதுவும் இல்லாம, மேஜையைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன். அந்த அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கலை. மாத்திரையை அப்படியே போட்டுட்டுச் சுத்தி வந்து என்னை உக்கார வச்சாங்க.

"ஐயோ, எனக்குத் தெரியாதேம்மா. நீங்க எழுதலையே. அவ வெட்டறான்னுதானே போட்டிருக்கு"ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டுத் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. அந்த விரல் முட்டி என் கையில சொரசொரன்னு பட்டுது.

கிளம்பறப்போ கட்டியைத் திரும்பக் காகிதத்துல சுத்தி என் பையில வச்சாங்க. "எனக்கு இனிமே இதைத் தேய்க்க மனசு வராது. விமர்சனத்தை எடுத்துடறேன்."

"எடுக்காதீங்க. நீங்க எழுதினது உண்மை. நான் எழுதினதுதான் சரியில்லை"ன்னேன்.

வீட்டுக்கு வந்து கணக்கைத் திரும்பப் போட்டேன். இருநூத்தி நாப்பதை முந்நூறால வகுத்து, நூறு கிராமுக்கு எண்பதுன்னு அத்தனை நாளும் கணக்கு வச்சிருந்தோம். வாங்கினவங்க கைக்குப் போனது முந்நூத்தி முப்பத்தாறு கிராம். அப்போ நூறு கிராமுக்கு எழுபத்தொண்ணு. அவ விலை எழுபத்தொண்ணு. நாங்க ஏத்தினது எண்பதுல இருந்து தொண்ணூத்தஞ்சுக்குன்னு நினைச்சுக்கிட்டு இருந்தோம். பழைய வாடிக்கைக்கு அது எழுபத்தொண்ணுல இருந்து தொண்ணூத்தஞ்சு. யாருக்குத்தான் வலிக்காது?

"பழையபடி பதினெட்டாவே வெட்டச் சொல்லிடலாமா?"ன்னு மாப்பிள்ளை கேட்டாரு.

"அப்போ நூறு கிராம் தொண்ணூத்தஞ்சு கணக்குல பெட்டி முந்நூத்திப் பத்தொன்பது ஆகணும். முந்நூறைத் தாண்டினா இந்தப் பொருளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க. நூறு கிராமாவே இருக்கட்டும். ஆனா நூறுன்னு சொல்லிக் குடுப்போம்."

"அப்போ என்ன எழுதப் போறீங்க?"

"நடந்ததை."

அவரு முகம் மாறிச்சு. "செத்தவளைக் காட்டி சோப்பு விக்கறதா அக்கா? அனுதாபத்துல வியாபாரம் பண்ணச் சொல்றீங்களா?"

"உயிரோட இருக்கான்னு காட்டித்தானே இத்தனை நாள் வித்தோம்!"னு கத்திட்டேன். ஷெட்டுல அளவுக்காரம்மா கத்தி வைக்கற சத்தம் மட்டும் கேட்டுது.

கொஞ்சம் ஆறினப்புறம் பொறுமையாச் சொன்னேன். புதுசா வர்றவங்க பார்க்கற பக்கத்துல அவ சாவு வேண்டாம், அது அவங்களுக்குப் பாரம், நமக்கும் அசிங்கம். அங்கே எடை, விலை, கூலி, அவ்வளவுதான். பழைய வாடிக்கைக்காரங்களுக்குத் தனியா அனுப்புவோம், ஏமாந்தது அவங்கதானே. விலை ஏறினப்புறம் வாங்கின பழைய ஆளுங்க எல்லாருக்கும் அடுத்த பார்சல்ல ஒரு கட்டி சேர்த்து வைப்போம். மாப்பிள்ளை தலையை மட்டும் ஆட்டினாரு.

அப்புறம் உக்காந்தேன். பக்கத்துல முதல் வரியை எடுத்தேன். அந்தப் படத்துல இருந்ததும் நூத்திப் பன்னெண்டு கிராம் கட்டிதானே, அதையும் எடுத்தேன். விதிப்படி ஒண்ணொண்ணா மாத்தணும்தான். உண்மை இல்லாததை வச்சுக்கிட்டு என்ன சோதனை வேண்டிக்கிடக்கு? அளவுக்காரம்மாவோட ஸ்கேலைப் பக்கத்துல வச்சுப் புதுக் கட்டியைப் படம் எடுத்துப் போட்டேன். பக்கத்துல இப்படி எழுதினேன்:

"வறண்ட தோலுக்கும் வெடித்த கைகளுக்கும். மூன்று கட்டிகள், காய்ந்த எடை 300 கிராம். விலை 285. நூறு கிராமுக்கு 95. முன்பு சோப்பு வெட்டும் வேலைக்கான கூலி விலையில் சேரவில்லை, இப்போது சேர்ந்திருக்கிறது. எண்ணெய்க் கலவையில் மாற்றம் இல்லை."

பழைய வாடிக்கைக்காரங்களுக்கு எழுதினது இது:

"இந்தச் சோப்பை இத்தனை நாள் வெட்டியது என் தங்கை. அவள் இப்போது இல்லை. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும், சொல்ல முடியவில்லை. கட்டி நூறு கிராம் என்று லேபிளில் இருந்தாலும் அவள் நூற்றுப் பன்னிரண்டு வரும்படி வெட்டினாள். அது எங்களுக்கே இப்போதுதான் தெரிந்தது. ஆகவே நீங்கள் கொடுத்து வந்தது நூறு கிராமுக்கு 71. இனி 95. எண்ணெய்தான் காரணம் என்று எழுதியது முழு உண்மை இல்லை. அவள் வேலைக்கு நாங்கள் கூலி கொடுத்ததில்லை. இப்போது வெட்டுபவருக்குக் கொடுக்கிறோம். இனி கட்டி சரியாக நூறு கிராம்."

அனுப்பறதுக்கு முன்னாடி மாப்பிள்ளைகிட்ட நீட்டினேன். நின்னுக்கிட்டே படிச்சாரு. 'கூலி கொடுத்ததில்லை'ங்கற இடம் வந்ததும் அப்படியே தரையில உக்காந்துட்டாரு.

"ஒரு பைசா குடுத்ததில்லைக்கா. நம்ம கடைதானேன்னு நினைச்சேன். அவளும் கேட்டதில்லை. அந்த அளவுக்காரம்மாவுக்கு வாராவாரம் எண்ணிக் குடுக்கறேன், குடுக்கும்போது எனக்கு ஒண்ணும் தோணலையே..."

"நானும்தான் எழுதினதுக்கு வாங்கலை"ன்னு சொல்ல வந்தேன். சொல்லலை. நான் எழுதினது நாலு வரி. அவ நின்னது நாள் முழுக்க.

"இந்த வரியை எடுத்துடவா?"ன்னேன்.

"வேண்டாம்"ன்னாரு. முகத்தைத் துடைச்சுக்கிட்டு அவரே அனுப்பற பட்டனை அழுத்தினாரு.

பதில் வரும்னு நான் நினைக்கலை. வந்துக்கிட்டே இருந்தது. கட்டி பெருசா இருக்கும்னு எங்களுக்கு எப்பவோ தெரியும்னு நிறைய பேர் எழுதியிருந்தாங்க. ஊரு உலகத்துக்கே தெரிஞ்சிருக்கு, வீட்டுல இருந்த எங்களுக்குத்தான் தெரியலை. சில பேர் விலை கட்டுப்படியாகாதுன்னு ஒதுங்கிக்கிட்டாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது. மருந்துக்கடைக்காரம்மா ஒரு பெட்டி வாங்கினாங்க. பழைய விமர்சனத்துக்குக் கீழே "இப்போ சரியா எழுதியிருக்காங்க"ன்னு ஒரு வரி சேர்த்திருந்தாங்க.

மாசக் கடைசியில மாப்பிள்ளை ஃபோனை என் முன்னாடி வச்சாரு. நூறுக்கு மூணு. அதுக்கு மேல புள்ளிக்கணக்குல கொஞ்சமும் உண்டு. "மில்லுக்காரர்கிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன் அக்கா"ன்னாரு. குட்டி பேரு எங்ககிட்டயே நின்னுடுச்சு. நான் சந்தோஷப்படணும் இல்லையா? பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் கச்சிதமா இருந்தது, ஒரு எழுத்து பொய் இல்லை. அதுல மேல இருந்து கீழ வரைக்கும் தேடினாலும் என் தங்கச்சி இல்லை.

அந்தப் பழைய கட்டி ஷெட்டுல, ரேக்கோட மேல் தட்டுல இருக்கு. யாரும் தொடறதில்லை. நான் மட்டும் அப்பப்போ எடுத்துத் தராசுல வைப்பேன். முதல் தடவை வச்சப்போ நூத்திப் பதினொண்ணு காட்டுச்சு. தராசு கெட்டுப் போச்சுன்னு அளவுக்காரம்மா மேல எரிஞ்சு விழுந்தேன். அவங்க கோவிச்சுக்கலை.

"காகிதத்தைப் பிரிச்சாச்சு இல்லீங்களா, காத்துல தண்ணி இன்னும் போய்க்கிட்டுதான் இருக்கும். அது அப்படித்தாங்க"ன்னு தயங்கித் தயங்கிச் சொன்னாங்க.

டப்பாவுல போட்டு மூடி வைக்கலாமான்னு கேட்டேன். மூடினா வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும், திறந்தே இருக்கட்டும்னாங்க.

இன்னைக்குக் காலையில எடுத்து வச்சேன். பக்கத்துல மாப்பிள்ளை வந்து நின்னாரு. கட்டை விரல் பள்ளத்துல அவரு விரலை ஒரு தடவை வச்சுப் பார்த்துட்டு எடுத்துக்கிட்டாரு. எவ்வளவு அக்கான்னு கேட்டாரு.

நூத்திப் பத்துன்னு சொன்னேன்.